சேதத்தில் சேராதது

மலர்க்கொடியின் ஊரில் வாடகை என்றால் டிராக்டருக்கு, கல்யாணப் பந்தலுக்கு, சமையல் பாத்திரத்துக்கு. வீட்டுக்கு வாடகை கொடுத்து யாரும் அங்கே குடியிருந்ததில்லை. திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே போனால் அவள் தெரு வரும். அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள். மழைக்கு ஒழுகும், ஆனாலும் எழுந்து போ என்று சொல்ல ஆளில்லை. அவள் அம்மா பொன்னுத்தாய் அந்த வீட்டிலிருந்துதான் நாற்பது வருஷம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்தாள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். மகளை ஆய்வக டெக்னீஷியன் படிக்கவைத்ததும், மகன் சேரனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பியதும் பொன்னுத்தாயின் கூலிதான்.

மலர்க்கொடி தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். ரத்தம் எடுப்பாள், மெஷினில் போடுவாள், முடிவை டைப் செய்வாள். பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலை நேரே வேலைக்கு வந்துவிடுவாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றுபோனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

அம்மாவின் கால் வீங்கியதும், தன் கையாலேயே ரத்தம் எடுத்து வந்து மெஷினில் போட்டுப் பார்த்தாள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு, மெஷின் கோளாறோ என்று மறுபடியும் ஓட்டினாள். அதே எண் வந்தது. இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் என்றார்கள். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஊரிலிருந்து தனியாகப் பஸ்ஸில் வந்துபோகிற உடம்பில்லை அது. விடுதியில் வெளியாள் ஒரு ராத்திரி தங்கக் கூடாது. ஆக, அவள் ஒரு வீடு பார்க்க வேண்டியதாயிற்று.

வீடு தேடுவதில் துணைக்கு வந்தது இர்ஃபானா. அதே ஆய்வகத்தில் வரவேற்பில் இருப்பவள், மலர்க்கொடியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கணவன் ஷார்ஜாவில். இரண்டு பிள்ளைகளோடு தஞ்சாவூரில் நாலாவது வாடகை வீட்டில் இருந்தாள்.

முதல் வீட்டில் எல்லாம் பேசி முடித்தபின் வீட்டுக்காரர், "சொந்த ஊர்ல எந்தத் தெரும்மா நீங்க?" என்று கேட்டார். மலர்க்கொடி சொன்னாள். "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்" என்றார். போன் வரவில்லை. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் இர்ஃபானாவின் தலைமுக்காட்டைப் பார்த்ததுமே, வீடு போயிடுச்சு என்றார்கள். வெளியே வந்தபோது இர்ஃபானா, "இன்னைக்கு என்னால போச்சு. நாளைக்கு நான் தெருமுனையில நின்னுக்குறேன், நீ மட்டும் போ" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாவது வீடு மருத்துவக் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் நகர்களில் ஒன்றில். கீழ்த்தளம் வாடகைக்கு. மாடியில் வீட்டுக்கார அம்மா ஆனந்தவல்லி. கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து இறந்துபோனவர். மகன் பெங்களூரில், அதிகம் வருவதில்லை. அந்த அம்மா தெருவைக் கேட்கவில்லை. எத்தனை பேர் என்று மட்டும் கேட்டாள்.

"நானும் எங்கம்மாவும்தாங்க."

"அம்மாவுக்கு வயசென்ன?"

"அம்பத்தெட்டுங்க."

"நல்லது. ரெண்டு பொம்பளைங்கன்னா எனக்கும் துணை."

அம்மாவுக்கு என்ன உடம்பு என்று ஆனந்தவல்லி கேட்கவில்லை. மலர்க்கொடியும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் இந்த வீடும் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெருவைக் கேட்காத ஒரு வீட்டை விட அவளுக்கு மனமில்லை.

வாடகை ஆறாயிரம். அட்வான்ஸ் முப்பதாயிரம் வேண்டும் என்றாள் ஆனந்தவல்லி. அக்ரிமெண்ட் எழுத நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த மீரா உசேனின் கடைக்குப் போனார்கள். பத்திரம் எழுதுவது, மனு எழுதுவது, டைப் அடிப்பது எல்லாம் அந்த ஒற்றை அறைக்குள். மீரா உசேன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தொகையைக் கேட்டதும், "அஞ்சு மாச வாடகையா?" என்றார். "இப்ப சட்டம் மூணு மாசம்னுதான்மா சொல்லுது. நான் அஞ்சுன்னு அடிச்சா நாளைக்கு உங்களுக்குத்தான் கேள்வி வரும்."

ஆனந்தவல்லி கொஞ்சம் முகம் சுருங்கி, பதினெட்டாயிரத்துக்கு வந்தாள். அந்தப் பணத்துக்கே மலர்க்கொடி கட்டிக்கொண்டிருந்த ஏலச்சீட்டைத் தள்ளுபடி போக முன்னதாகவே எடுத்திருந்தாள்.

"ஒருதடவை படிக்கிறேன், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. அப்புறம் பாய் சொல்லலைன்னு வரக்கூடாது" என்று மீரா உசேன் வாசிக்கத் தொடங்கினார். யார் கொடுக்கிறார், யார் எடுக்கிறார். எந்த வீடு, அதில் எந்தப் பகுதி: கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. குடியிருக்க மட்டும், கடை வைக்கக்கூடாது, உள்வாடகைக்கு விடக்கூடாது. காலம் பதினொரு மாதம், பிறகு இருவரும் ஒத்துக்கொண்டால் புதுப்பிக்கலாம், அப்போது வாடகை நூற்றுக்கு ஐந்து கூடும். வாடகை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள். மின்கட்டணம் தனி மீட்டர்படி குடியிருப்பவர் கட்ட வேண்டும். சின்ன ரிப்பேர் குடியிருப்பவர், சுவர், கூரை, குழாய் வழி போன்ற பெரிய ரிப்பேர் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவிட்டு வர வேண்டும்.

"காலி பண்ணணும்னா குடியிருக்கிறவர் ரெண்டு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லணும். வீட்டுக்காரர் கேக்கும்போது காலி பண்ணிக் குடுக்கணும்."

இர்ஃபானா குறுக்கிட்டாள். "அவங்க கேட்டா உடனேவா? அதெப்படி பாய்? இவளுக்கு ரெண்டு மாசம்னா அவங்களுக்கும் ரெண்டு மாசம்தான்."

"கேக்குறது நியாயம்தாம்மா" என்று அவர் ஆனந்தவல்லியைப் பார்த்தார். ஆனந்தவல்லி தலையசைத்தாள். அந்த வரி இரு தரப்புக்கும் என்று மாறியது.

அடுத்து அட்வான்ஸ். வட்டியில்லாத முன்பணம் என்றும், வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, வீட்டுக்கு ஏற்பட்ட சேதம் இவை இருந்தால் அதற்கான தொகையைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித்தர வேண்டும் என்றும் இருந்தது. சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானம் சேதமாகாது.

மலர்க்கொடி மெதுவாகக் கேட்டாள். "அப்ப இது அவங்க பணம் இல்லைங்களா?"

"உன் பணம்தாம்மா. அவங்ககிட்ட இருக்கு, அவ்வளவுதான். நீ வாடகை பாக்கி வெச்சுட்டு ஓடிப்போனா, கதவை ஒடச்சா, அதுக்கு ஒரு பிடிமானம். கடைசி ரெண்டு மாசம் வாடகை குடுக்காம அதுல கழிச்சுக்கங்கன்னும் நீ சொல்ல முடியாது, அவங்க ஒத்துக்கிட்டா ஒழிய."

கடைசி வரி, காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும் என்றது. இர்ஃபானா அதை எடுக்கச் சொன்னாள். "சுவரு மங்குறது தேய்மானம்தானே பாய்? மேல ஒண்ணு சொல்லிட்டு கீழ ஒண்ணு எழுதுறீங்க."

"எல்லாரும் பிடிக்கிறதுதான்" என்றாள் ஆனந்தவல்லி. "அது இல்லைன்னா எனக்கு வேண்டாம். வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்க."

மலர்க்கொடி இர்ஃபானாவின் கையை அழுத்தினாள். "இருந்துட்டுப் போகட்டும்க்கா." கையெழுத்துப் போட்டாள்.

பதிவு பண்ண வேண்டாமா என்று இர்ஃபானா கேட்டதற்கு மீரா உசேன், "பண்ணணும்னுதான் இருக்கு. யார் பண்றா?" என்றார். ஆனந்தவல்லி அதற்கெல்லாம் அலைய முடியாது என்றாள். அது அப்படியே நின்றது.

சாமான் ஏற்றுவதற்கு முன் இர்ஃபானா வீடு முழுவதும் போனில் படம் எடுக்க வைத்தாள். ஒவ்வொரு சுவர், குளியலறைக் கதவின் கீழே உப்பிப்போன பலகை, மீட்டரில் ஓடியிருந்த எண், இரண்டு மின்விசிறி. எடுத்ததை ஆனந்தவல்லிக்கும் அனுப்ப வைத்தாள். மலர்க்கொடிக்குக் கூச்சமாக இருந்தது. வீடு கொடுத்தவளைச் சந்தேகப்படுகிற மாதிரி. "சந்தேகம் இல்லடி. எங்க ரெண்டாவது வீட்ல நாங்க வர்றதுக்கு முன்னாடியே உடஞ்ச கண்ணாடிக்கு எங்கிட்ட காசு பிடிச்சாங்க" என்றாள் இர்ஃபானா.

பொன்னுத்தாய் வந்து சேர்ந்தாள். அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்தது எதுவும் இல்லை. கதவைச் சாத்தியே வைக்கிறார்கள், பக்கத்து வீட்டில் யார் என்று தெரியவில்லை, குழம்புக்குக் கருவாடு பொரித்தால் மகள் சன்னலைச் சாத்துகிறாள். ஆனால் டயாலிசிஸ் முடித்து ஆட்டோவில் வந்து இறங்கும்போது, சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்ப் படுத்துவிடலாம். அது பெரிய நிம்மதி. அவளுக்கு ஆகாதது தாகம்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று வேலை செய்தவள், அரை டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

"ஒரு வாய் கூட ஊத்தேன் தாயி."

"நாளைக்கு மூச்சு முட்டும்மா."

"முட்டட்டும்."

மலர்க்கொடி ஊற்றமாட்டாள். சில நாள் அம்மா அவளோடு பேசமாட்டாள்.

ஆனந்தவல்லிக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆட்டோ வருவதையும், பொன்னுத்தாயின் கைநரம்பு புடைத்துக் கட்டுப் போட்டிருப்பதையும் பார்த்தாள். ஒருநாள் மாடிப்படியில் நின்று, "இத நீ மொதல்லயே சொல்லியிருக்கணும் மலரு" என்றாள்.

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களாம்மா?"

ஆனந்தவல்லி திரும்பி மேலே போய்விட்டாள். அதன் பிறகு கீழே வந்து பேசுவது குறைந்தது. வாடகையை மலர்க்கொடி ஒவ்வொரு மாதமும் நாலாம் தேதியே அனுப்பிவந்தாள்.

ஏழாவது மாதம், சித்திரை வெயில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பொன்னுத்தாய் முகம் கழுவப் போனாள். மலர்க்கொடி ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு உள்ளே வந்தபோது ஏதோ இடிகிற சத்தம் கேட்டது. அம்மா வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டே சரிந்திருந்தாள். அந்தப் பீங்கான் சுவரிலிருந்து பெயர்ந்து விளிம்போடு உடைந்திருந்தது. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி மார்பை அழுத்தினாள். படிக்கும்போது சொல்லிக்கொடுத்ததை இப்போது தன் அம்மாவுக்குச் செய்தாள். ஆம்புலன்ஸில் வந்த பெண் நாடியைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, குழாயை மூடினாள்.

ஊருக்குச் சொல்லியாயிற்று. சேரன் திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டான். ஒப்பாரி இல்லாமல், அக்கம்பக்கம் யாரும் எட்டிப்பார்க்காமல் ஒரு சாவு நடக்கும் என்று மலர்க்கொடி நினைத்ததில்லை. இர்ஃபானா ஓடிவந்து சேர்ந்தாள். ஐஸ் பெட்டிக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது ஆனந்தவல்லி வாசலுக்கு வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"பெட்டியெல்லாம் இங்க வேணாம்மா. கையெடுத்துக் கும்புடுறேன். இப்பவே ஊருக்கு எடுத்துட்டுப் போயிடு."

"எப்படியும் ஊருக்குத்தாங்க எடுத்துட்டுப் போறோம். குளிப்பாட்டி, புடவை மாத்திட்டு..."

"அதெல்லாம் அங்க வெச்சுக்க. இங்க வேணாம்."

இர்ஃபானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மலர்க்கொடி தடுத்துவிட்டாள். சண்டை போட அவளிடம் தெம்பில்லை. ஈரம் காயாத சேலையோடு அம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோதுதான் மலர்க்கொடி தன் முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடித்துத் தஞ்சாவூர் வந்தாள். கேட்டைத் திறந்ததும், கார் நிறுத்தும் இடத்தில் தன் சாமான்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தாள். கட்டில் கழற்றிச் சாத்தியிருந்தது. பாத்திரங்கள் ஒரு சாக்கில். அம்மாவின் மாத்திரைப் பெட்டி மேலே கிடந்தது. வீட்டுக் கதவில் வேறு பூட்டு. நிலைப்படியில் மஞ்சளும் மாவிலையும், சன்னல் வழியே உள்ளே ஹோமம் வளர்த்த செங்கல்லும் கரியும் தெரிந்தன.

ஆனந்தவல்லி மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஐயரை வெச்சுச் சுத்தி பண்ணியாச்சு. இனிமே நீ இருந்தாலும் உனக்கும் நல்லா இருக்காது. எடுத்துட்டுப் போயிடும்மா."

"என்கிட்ட கேக்காம எப்படிம்மா கதவத் தொறந்தீங்க?"

"என் வீடு."

"அட்வான்ஸ்?"

"எதுல மிச்சம்? ஹோமத்துக்கு ஆச்சு, வெள்ளையடிக்கணும், பேசின் ஒடஞ்சிருக்கு. இழவு விழுந்த வீடுன்னு தெருவே பேசுது, எத்தனை மாசம் பூட்டிக் கெடக்குமோ. நீ ரெண்டு மாசம் முன்னாடி சொல்லவும் இல்ல. எல்லாத்துக்கும் அது சரியாப் போச்சு."

மலர்க்கொடி மாத்திரைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்து, வெளியே கிடந்த சாமானையும் புதுப் பூட்டையும் படம் பிடித்தாள். இந்த முறை கூச்சமாக இல்லை.

இர்ஃபானா வீட்டில் சாமானைப் போட்டாள். மறுபடி விடுதியில் கட்டில் கேட்டாள், கிடைத்தது. ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். வாடகை விவகாரத்துக்கென்றே தனி அதிகாரி இருக்கிறார், கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு போடலாம், ஆனால் அக்ரிமெண்ட் பதிவாகவில்லை என்பதால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், அலைய வேண்டியிருக்கும் என்றார் அவர். "தொகையைப் பார்த்தா, பேசி வாங்குறது உத்தமம். வராதுன்னா நோட்டீஸ் அனுப்புவோம்."

"விட்டுடலாமாக்கா?" என்றாள் மலர்க்கொடி வெளியே வந்ததும். "அம்மாவே போயாச்சு."

"விடு. உன் இஷ்டம். ஆனா எதுக்காக பிடிச்சாங்கன்னு யோசிச்சுட்டு விடு."

அன்று ஆய்வகத்தில் மலர்க்கொடி ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டே அதைத்தான் யோசித்தாள். வெள்ளையடிக்கப் பிடித்தால் சரி, கையெழுத்துப் போட்டது. ஹோமத்துக்குப் பிடிப்பது எந்த வரியிலும் இல்லை. சுத்தி. அவள் அம்மா அந்த வீட்டை என்ன அசுத்தம் செய்தாள்? தெருவைக் கேட்காத ஆனந்தவல்லிக்குத் தன் தெரு எதுவென்று எப்போதாவது தெரியவந்திருக்குமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. சாவுக்கு மட்டும் செய்த சுத்தியா, இல்லை, அதற்கும் சேர்த்தா? கேட்டால் ஆனந்தவல்லி இல்லை என்பாள். உண்மையிலேயே இல்லாமலும் இருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

மீரா உசேன் கூப்பிட்டதால் ஆனந்தவல்லி கடைக்கு வந்தாள். வக்கீல் நோட்டீஸ் என்ற சொல் அவளை வரவைத்திருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் மலர்க்கொடியும் இர்ஃபானாவும், அந்தப் பக்கம் அவள்.

"ரெண்டு மாச நோட்டீஸ் யாரு யாருக்குக் குடுக்கணும்னு பாப்போம்" என்று மீரா உசேன் தொடங்கினார். "இந்தப் பொண்ணு காலி பண்ணலம்மா. சாமானை வெளிய வெச்சது நீங்க. பூட்டு மாத்துனதும் நீங்க. படம் இருக்கு. நோட்டீஸ் கணக்குல ஒரு பைசா பிடிக்க முடியாது."

"வீடு பூட்டிக் கெடக்குதே பாய்?"

"அது உங்க நஷ்டம். அட்வான்ஸ் அதுக்கு வாங்கினது இல்ல."

ஆனந்தவல்லி மலர்க்கொடியைப் பார்த்தாள். "சாகக் கெடந்தவளைக் கொண்டாந்து வெச்ச. என்கிட்ட மறைச்ச. அது ஒண்ணும் இல்லையா?"

"மறைச்சது தப்புதான்" என்றாள் மலர்க்கொடி. "அத நான் ஒத்துக்கிறேன். சொன்னா வீடு கெடைக்காதுன்னுதான் மறைச்சேன். வேற எதுக்காகவும் இல்ல."

அவளே கணக்கைச் சொன்னாள். "வெள்ளையடிக்க ஒரு மாசம் பிடிச்சுக்கங்க, எழுதியிருக்கு. பேசின் எங்கம்மா பிடிச்சு ஒடஞ்சது. நான் கடையில வெல விசாரிச்சேன், மாட்டுற கூலியோட சேத்துப் பிடிச்சுக்கங்க. கரண்ட் பில்லும் பிடிச்சுக்கங்க. ஹோமத்துக்குப் பத்து ரூபா கூட பிடிக்க விடமாட்டேன். எங்கம்மா செத்தது சேதம் இல்ல."

மீரா உசேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனந்தவல்லி அழத் தொடங்கினாள். யாரும் எதிர்பார்க்கவில்லை.

"பணம் இல்லம்மா என்கிட்ட. நீ குடுத்தன்னைக்கே போன குடித்தனக்காரனுக்குக் குடுத்துட்டேன். அவன் அட்வான்ஸ் அதுக்கு முந்தி வந்தவனுக்குப் போச்சு. அவரு போனதுக்கப்புறம் அந்த வாடகைதான் எனக்குச் சோறு. மகன் அனுப்பி ஒரு வருஷம் ஆவுது. புதுசா யாராவது வந்து அட்வான்ஸ் குடுத்தாத்தான் உனக்குத் தர முடியும்."

மலர்க்கொடிக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. கோபம் அதனால் குறையவில்லை. இரண்டும் சேர்ந்து இருந்தன. கழிவு போகப் பத்தாயிரத்துச் சொச்சம் என்று முடிவாகி, மீரா உசேன் அதை ஒரு தாளில் எழுதி ஆனந்தவல்லியின் கையெழுத்தை வாங்கினார். சட்டப்படி ஒரு மாதத்தில் தர வேண்டியது. அந்த ஒரு மாதம் போனது, இன்னொன்றும் போனது. தஞ்சாவூர்ப் புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, ஊரில் குறுவை நட்டுவிட்டார்கள். கீழ்வீட்டு வாசலில் 'வாடகைக்கு' அட்டை தொங்கியபடியே இருந்தது. சீட்டுக்காரர் மாதத் தவணைக்கு மலர்க்கொடியை விடாமல் கூப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனந்தவல்லியே போன் செய்தாள். "வீடு பாக்க ஒரு ஜோடி வர்றாங்க. முன்னாடி குடியிருந்தவங்ககிட்ட பேசணும்ங்கிறாங்க. நீ வந்து நல்ல விதமா ரெண்டு வார்த்தை சொல்லு. அம்மா சமாச்சாரம் வேணாம். அவங்க குடுத்தா அன்னைக்கே உன் பணம் உன் கையில."

மலர்க்கொடி போனாள். பேராவூரணிப் பக்கத்துக்காரர்கள், கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். பெண் கர்ப்பமாக இருந்தாள். கணவன் மாடியில் ஆனந்தவல்லியோடு பேசிக்கொண்டிருக்க, அவள் கீழே தயங்கித் தயங்கி மலர்க்கொடியிடம் வந்தாள்.

"வீடு எப்படிக்கா? எங்களுக்கு இதான் மொத தடவ, ஒண்ணும் தெரியல."

"தண்ணி நல்லா வரும். வெயில் தாங்கலாம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் படம் எடுத்து வெச்சுக்க, மீட்டர் நம்பர் உட்பட. வெள்ளையடிக்க ஒரு மாச வாடகைன்னு ஒரு வரி இருக்கும், அத எடுக்கச் சொல்லிக் கேளு. முடிஞ்சா பதிவு பண்ணிடுங்க."

"நீங்க ஏங்க்கா காலி பண்ணீங்க?"

மாடியில் பேச்சு நின்றிருந்தது. புதிதாக மாட்டிய பேசின் கதவிடுக்கில் வெள்ளையாகத் தெரிந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு சாவைக் குறையாகச் சொல்வதும் அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறைத்தால் அது குறை என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"எங்கம்மாவுக்கு டயாலிசிஸ். அதுக்காகத்தான் இங்க இருந்தோம். இங்கதான் எறந்தாங்க" என்றாள்.

அந்தப் பெண் தன்னையறியாமல் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, பாவம்க்கா" என்றாள். அப்புறம் கணவனைக் கூப்பிட்டாள். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாக ஆனந்தவல்லியிடம் சொல்லிப் போனார்கள். வரவில்லை.

ஆனந்தவல்லி கேட்டருகில் நின்று, "உன் பணத்தை நீயே கெடுத்துக்கிட்ட" என்றாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லாத மாதிரி இருந்தது.

"தெரியும்மா" என்றாள் மலர்க்கொடி.

ஐப்பசி அடைமழையில், மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் அந்த வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் எதுவும் விசாரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஆனந்தவல்லி மலர்க்கொடியை வரச்சொல்லி, குடையைப் பிடித்தபடி கேட்டுக்கு வெளியிலேயே பணத்தைக் கொடுத்தாள். எண்ணிப்பார்க்கச் சொன்னாள். சரியாக இருந்தது. 'முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி ஏதுமில்லை' என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்.

மலர்க்கொடி மழையில் அதை இரண்டு முறை படித்தாள். 'முழுவதும்' என்பதை அடித்து, 'கழிவு போக மீதித் தொகை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆனந்தவல்லி வாங்கிப் பார்த்துவிட்டு மடித்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். மலர்க்கொடி ஆச்சு என்றாள். சாப்பிட்டிருக்கவில்லை. பணத்தை அன்றைக்கே சீட்டுக்காரரிடம் கட்டிவிட்டு, மதியத்துக்குமேல் ஆய்வகத்துக்குப் போனாள். வெளியே நனைந்தபடி பத்துப் பதினைந்து பேர் ரத்தம் கொடுக்கக் காத்திருந்தார்கள். கையைத் துடைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு, முதல் பெயரைக் கூப்பிட்டாள்.